வெயிலில் நிற்கும் குடும்பக் கார்: துணியா, ரெக்சினா, தோலா?

கேள்வி: நான் தூத்துக்குடியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஐந்து பேர் உட்காரும் புதிய கார் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். ஆறு ஏர்பேக் உள்ள நடுத்தர மாடல். இருக்கைகள் வெளிர் நிறத் துணி. மூன்று வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். கார் பகல் முழுவதும் வங்கி வாசலில் வெயிலில் நிற்கும். ஷோரூமில் 9,000 ரூபாய்க்கு லெதரெட் என்கிற ரெக்சின் உறை போடச் சொல்கிறார்கள். என் கணவரின் நண்பர், "ஆம்பூரிலிருந்து நல்ல தோல் வாங்கித் தருகிறேன், தைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்; 65,000 வரை ஆகுமாம். ஒரு லட்சம் அதிகம் கொடுத்தால் 'லெதர் சீட்' உள்ள மேல் மாடலே கிடைக்கும். எட்டு வருடமாவது வண்டியை வைத்திருப்போம். எது சரி?

பதில்:

சகோதரி, முன் இருக்கைகள் இரண்டையும் கம்பெனி கொடுத்த துணியிலேயே விட்டுவிடுங்கள். பின் இருக்கைக்கு மட்டும் நல்ல பி.வி.சி. ரெக்சினில் அளவெடுத்து உறை தையுங்கள். தோல் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். மேல் மாடலை இருக்கைக்காக வாங்க வேண்டாம். மதுரையில் கார் இருக்கை தைக்கும் கடை நடத்துகிறவன் நான். ஐந்து இருக்கைக்கும் உறை தைத்தால்தான் எனக்கு லாபம் அதிகம். அப்படியிருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் வெயில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சுட்டெரிக்கும் ஊர் ஒன்றில், வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மணி நேரத்தில் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், இருக்கை 51 டிகிரி. மனிதத் தோலுக்கு 45 டிகிரியை நெருங்கும்போதே வலி தொடங்கிவிடும். உங்கள் வண்டி ஒரு மணி நேரமல்ல, பகல் முழுவதும் நிற்கப் போகிறது. ஆக எந்த இருக்கையாக இருந்தாலும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூடு உடம்புக்கு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

துணியை விரலால் தடவிப் பாருங்கள். மேலே நூலின் நுனிகள்தான் உங்கள் விரலைத் தொடும். இடையில் காற்று நிற்கிறது. அதனால் துணி அதே அளவு சூடாக இருந்தாலும் உடம்பில் சுருக்கென்று சுடுவதில்லை. ரெக்சினும் தோலும் வழவழப்பானவை. தொடை முழுவதும் அதில் ஒட்டி உட்காரும், சூடு நேராக இறங்கும். அரைக்கால் சட்டை போட்ட பிள்ளை துள்ளி எழுவது இதனால்தான். இதில் நிறத்துக்கும் பெரிய பங்கு உண்டு. கறுப்புத் துணியைவிட வெளிர் நிற ரெக்சின் குறைவாகச் சூடேறும். எந்தப் பொருளை எடுத்தாலும் கறுப்பை எடுக்காதீர்கள்.

ஆரம்பச் சூட்டை ஏ.சி. பத்து நிமிடத்தில் அடக்கிவிடும். அதற்குப் பிறகு வருவது வியர்வை. ஏ.சி. காற்று முகத்துக்கும் மார்புக்கும் வருகிறதே தவிர, முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் போவதில்லை. துணியும் அதன் கீழே உள்ள ஃபோமும் அந்த ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். ரெக்சின் ஒரு பிளாஸ்டிக் படலம். ஈரம் போக வழியே கிடையாது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் ஓட்டுகிறவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். நிஜத் தோல் ஓரளவு ஈரத்தை வாங்கும் என்பது உண்மைதான். ஆனால் கார் இருக்கைக்கு வரும் தோலின் மேல் நிறப்பூச்சும் அதைக் காக்கும் பூச்சும் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பூச்சுக்குப் பிறகு தோலின் சுவாசம் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. தோலில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு விற்கிறார்கள் அல்லவா, அந்த ஓட்டைகளுக்கும் பின்னால் விசிறி வைத்துக் காற்றை இழுக்கும் இருக்கையில்தான் பலன். விசிறி இல்லாத இருக்கையில் அவை அழகுக்குத்தான்.

அதனால்தான் ஓட்டுநர் இருக்கையில் துணி இருக்கட்டும் என்கிறேன். ஆனால் முன் இருக்கைகளில் உறையே வேண்டாம் என்பதற்கு இதைவிடக் கனமான காரணம் ஏர்பேக்.

ஆறு ஏர்பேக் என்றால் இரண்டு முன்னால், இரண்டு மேற்கூரை ஓரத்தில் திரை போல இறங்குபவை, மீதி இரண்டும் முன் இருக்கைகளுக்குள். டெலிவரி எடுக்கும் நாளில் ஓட்டுநர் இருக்கையின் முதுகுப்பகுதியில் கதவுப் பக்க ஓரத்தைப் பாருங்கள். ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய சின்னத் துணிப்பட்டை ஒன்று தையலில் செருகியிருக்கும். அந்த இடத்தில் கம்பெனி போட்ட தையல் மற்ற தையலைப் போன்றதல்ல. பக்கவாட்டில் இடி விழும்போது, கண் இமைக்கும் நேரத்துக்குள் பை அந்தத் தையலைப் பிளந்துகொண்டு விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவே வர வேண்டும். அதற்கேற்ப அந்தத் தையலின் நூலையும் விதத்தையும் தேர்ந்து, சோதித்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் உறுதியான நைலான் நூலில் தைத்த ரெக்சின் உறையை இறுக்கி மாட்டினால், பை வேறு பக்கம் பிதுங்கலாம், நேரம் தவறலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு வெளி உறை போடாதீர்கள் என்று பல கார்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் கையேட்டில் இருக்கை, ஏர்பேக் பற்றிய பக்கங்களை டெலிவரி நாளன்றே படித்துவிடுங்கள்.

'ஏர்பேக்குக்குப் பொருந்தும்' என்று அட்டையில் அச்சடித்த உறைகள் கடையில் கிடைக்கின்றன. சிலவற்றில் அந்தப் பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள், அது தேவலை. சிலவற்றில் நூலை மட்டும் மாற்றியிருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த நூல் உங்கள் காரில், உங்கள் இருக்கையில் எந்த விசையில் அறும் என்று சோதித்த தாளைக் கேளுங்கள். கொடுக்க முடியாவிட்டால் அட்டையில் உள்ள வாசகத்தை நம்பாதீர்கள். என் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

பின் இருக்கையில் பக்கவாட்டுப் பை இல்லை. மேலே இறங்கும் திரைப்பைக்கும் இருக்கை உறைக்கும் சம்பந்தமில்லை. இதையும் கையேட்டில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பால், தயிர் சாதம், பிஸ்கட் தூள், வாந்தி எல்லாம் நடக்கப் போவதும் அந்தப் பின் இருக்கையில்தான். அங்கே ரெக்சினுக்கு வேலை இருக்கிறது.

பால் கொட்டினால் துணி இருக்கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேலே தெரியும் கறை சின்னது. துணிக்குக் கீழே மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கும், அதற்கும் கீழே இருக்கையின் பெரிய ஃபோம். ஒரு டம்ளர் பாலில் பாதியளவு சில நொடிகளில் அங்கே இறங்கிவிடும். மேலே துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டி வெயிலில் நிறுத்தினால், உள்ளே சூட்டில் பாலின் புரதமும் கொழுப்பும் கெட்டு மறுநாளே வாடை கிளம்பும். வாசனைத் திரவியம் தெளித்தால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும்.

கொட்டிய உடனே செய்ய வேண்டியது இது. கட்டியாக இருப்பதைக் கரண்டியால் வழித்து எடுங்கள். காய்ந்த பருத்தித் துணியை வைத்துக் கையால் அழுத்தி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். தேய்த்தால் கறை பரவும், உள்ளேயும் இறங்கும். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வெந்நீர் கூடாது, பாலின் புரதம் சூட்டில் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். அரை லிட்டர் நீரில் சில துளி திரவ சோப்பு கலந்து, நுரையை மட்டும் எடுத்து மென்மையான பிரஷால் தடவித் துடையுங்கள். நீரை ஊற்றக் கூடாது. ஊற்றிய நீர் பாலையும் கூட்டிக்கொண்டு கீழே போகும். கடைசியில் கதவுகளைத் திறந்து வைத்து மின்விசிறிக் காற்றில் அன்றைக்கே காய வையுங்கள். ஈரத்தை இழுக்கும் வாக்குவம் வீட்டிலோ பக்கத்தில் கார் கழுவும் இடத்திலோ இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

இரண்டு நாள் கழித்தும் வாடை அடித்தால் பால் பெரிய ஃபோமுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். மேலே எவ்வளவு கழுவினாலும் தீராது. இருக்கையைக் கழற்றி, துணியைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை வெட்டி எடுத்து, ஃபோமைத் தனியாகக் கழுவி முழுவதும் காய வைத்து மறுபடி மாட்ட வேண்டும். எங்கள் கடையில் பின் இருக்கைக்கு 2,500 ரூபாய் வாங்குகிறோம், வண்டி இரண்டு நாள் எங்களிடம் நிற்கும். முன் இருக்கையில் இப்படி நேர்ந்தால், தெருவோரம் கார் கழுவுகிறவர் இருக்கையைக் கழற்ற விடாதீர்கள். அடியில் மஞ்சள் நிற இணைப்பு ஒன்று இருக்கும். அது ஏர்பேக் வயர். பேட்டரி இணைப்பை எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

சாம்பார், மஞ்சள் பட்ட கறை பற்றியும் சொல்ல வேண்டும், நம் வீட்டுக் கார்களில் அதுதான் அதிகம். வெளிர் துணியில் மஞ்சள் கறையின் மேல் துணி துவைக்கும் சோப்பைப் போட்டதும் அது செக்கச்செவேல் என்று மாறும். பார்த்துப் பதறி இன்னும் சோப்பைப் போடுவார்கள். காரமான சோப்பு பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். நல்ல நீரால் ஒற்றி எடுத்தாலே மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சக் கறையைச் சில நாள் வெயில் பட விட்டால் தானே வெளுக்கும். மஞ்சளின் நிறத்துக்கு வெளிச்சம் ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஊர் வெயில் உங்களுக்கு உதவும்.

ரெக்சினில் இத்தனை பாடு இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது, தையல் கோட்டை மட்டும் கவனிக்க வேண்டும். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. பால் தேங்கி நின்றால் அதன் வழியே ஃபோமுக்கு இறங்கும். அதனால் பின் இருக்கைக்கு உறை தைக்கும்போது, பிள்ளை உட்காரும் மையப் பகுதியில் டைமண்ட் டைமண்டாகக் குறுக்குத் தையல் போடச் சொல்லாதீர்கள். பார்க்க ஆடம்பரமாக இருக்கும், பாலுக்கு ஆயிரம் வாசல் திறந்துவிடும். ஓட்டை போட்ட ரெக்சினும் வேண்டாம். சமதளமாக, இயன்ற அளவு குறைந்த தையலோடு கேளுங்கள். உங்கள் மாமியாருக்கும் இது வசதி. முழங்கால் வலியுள்ளவர்கள் துணி இருக்கையில் உட்கார்ந்து உள்ளே நகர்வதற்குள் சேலை பிடித்து இழுக்கும். ரெக்சினில் எளிதாக வழுக்கி நகரலாம். அந்த வழுக்கலே பிரேக் அடிக்கும்போது ஆபத்து என்பதால் பின்னால் உட்கார்ந்தாலும் அவர் பெல்ட் போட்டே ஆக வேண்டும்.

அடுத்து, எந்த ரெக்சின் என்பது. ஷோரூமில் லெதரெட் என்று ஒரே பெயரில் காட்டுவதில் இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் அடியில் பாலியஸ்டரோ பருத்தியோ கலந்த துணி. அதன் மேல் பூசியிருப்பது ஒன்றில் பி.வி.சி., மற்றொன்றில் பி.யூ. என்று சொல்லப்படும் பாலியூரித்தேன்.

பி.யூ. தொட்டால் மென்மையாக இருக்கும், நிஜத் தோல் போலவே தோன்றும். ஷோரூம் விளக்கில் மனதை இழுக்கும். ஆனால் மலிவான பி.யூ. பூச்சு ஈரக்காற்றில் தானாகவே சிதைகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பம் சேர்ந்தால் வேகம் கூடும். இந்தப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகங்களில் 70 டிகிரி சூட்டிலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பதே இதற்காகத்தான். கடற்கரை ஊரில், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் கார் அந்தச் சோதனைப் பெட்டிக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். யாரும் உட்காராத நடு இடத்திலும் உரியும்; அதைப் பார்த்தாலே தேய்மானத்தால் வந்தது அல்ல, பூச்சே சிதைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். உரிய ஆரம்பித்த பி.யூ.வுக்கு வைத்தியம் இல்லை. உறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பி.வி.சி. கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் கனம், தொட்டால் பிளாஸ்டிக் என்று தெரியும். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அதன் எதிரி வெயில். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள்; அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். புதிய உறை போட்ட காரில் முன் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாக ஒரு படலம் படிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. மென்மையூட்டி குறையக் குறைய ரெக்சின் விறைத்து, மடிப்பு விழும் இடத்தில் கோடு கோடாக வெடிக்கும். தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் தலைசாய்ப்பில் படியும்போதும் இதே கேடு நடக்கிறது. எண்ணெய் அந்த மென்மையூட்டியை வெளியே இழுத்துவிடும். பின் இருக்கைத் தலைசாய்ப்புகளுக்குச் சின்னப் பருத்தித் துணி உறை தைத்து வாரம் ஒருமுறை துவைத்துப் போட்டால் போதும். டாஷ்போர்டுக்கு அடிக்கும் பளபளப்புத் திரவத்தை இருக்கையில் அடிக்காதீர்கள். வழுக்கும், தூசியும் ஒட்டும். கைக்கு அடிக்கும் சானிடைசரும் மேல்பூச்சைக் கெடுக்கும்.

உங்கள் ஊருக்கு பி.வி.சி. என்று நான் சொல்வது இதனால்தான். பராமரித்தால் நாலைந்து வருடம் தாங்கும்.

இனி ஆம்பூர்த் தோல். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் கொடுக்கும் ஊர்கள்; அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே எளிதாகக் கிடைப்பதில் பெரும்பகுதி காலணிக்கென்று பதப்படுத்திய தோல். காலணி நாள் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் 50, 60 டிகிரியில் கிடப்பதில்லை. கார் இருக்கைத் தோலுக்கு, வெளிச்சத்தில் நிறம் போகாமலும் சூட்டில் சுருங்காமலும் உரசலில் பூச்சு கழலாமலும் இருக்கத் தனியாக முடிப்பு வேலை செய்வார்கள். காலணித் தோலை இருக்கைக்குத் தைத்தால் ஒரு கோடைக்குள் கதவோரப் பக்கம் வெளுத்துச் சுருங்கும். வாங்குவதாக இருந்தால் 'வாகன இருக்கைக்கான மாட்டுத் தோல்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஐந்து இருக்கைக்கு மூன்று நான்கு முழுத் தோல் பிடிக்கும். மாடு செவ்வக வடிவில் இல்லை என்பதால் ஓரமும் வயிற்றுப் பகுதியும் வடுவும் கழிந்து கணிசமாக வீணாகும். ரெக்சின் சீரான அகலத்தில் சுருளாக வருகிறது, வீண் குறைவு. விலை இவ்வளவு விலகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோலுக்கு நான் மனதார மதிக்கும் ஒரு குணம் உண்டு. அது பழுதானால் சரி செய்யலாம். ஓட்டுநர் ஏறி இறங்கும் ஓரத்தில் வெடித்தால் நிரப்பி, தேய்த்து, அதே நிறம் ஏற்றலாம். பதினைந்து வருடத் தோல் இருக்கைகளை அப்படிப் புதுப்பித்திருக்கிறோம். ஆனால் அவை நிழலில் நின்ற வண்டிகள், மென்மையான கிளீனரால் துடைத்து முறையாகக் கிரீம் போட்ட வண்டிகள். தோல் சற்று அமிலத்தன்மை உள்ள பொருள். காரமான சோப்பால் துடைத்தால் அதன் பூச்சும் நாரும் கெடும். தேங்காய் எண்ணெய் தடவி மெருகேற்றுவார்கள் சிலர். பூச்சு ஏற்றிய தோலுக்குள் எண்ணெய் சரியாக இறங்காது, மேலே தங்கி அழுக்கைச் சேர்த்துப் பூச்சை இளக்கும். வெயிலும் மூன்று வயதுப் பிள்ளையும் உள்ள வண்டியில் இந்தப் பராமரிப்பை எட்டு வருடம் தவறாமல் செய்வது உங்களுக்குப் பாரமாகத்தான் இருக்கும்.

மேல் மாடலின் 'லெதர் சீட்' பற்றி ஒரே வார்த்தை: விலைப் பட்டியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தைப் படியுங்கள். இந்த விலைக் காரில் பெரும்பாலும் அது கம்பெனி போட்ட ரெக்சின்தான். நிஜத் தோல் என்று போட்டிருந்தாலும் உடம்பு படும் பகுதிக்கு மட்டும் தோல், பக்கங்களுக்கு ரெக்சின் என்பதே வழக்கம். கம்பெனி ரெக்சின் நல்ல தரம், ஏர்பேக் தையலோடு சோதித்து வருகிறது. மேல் மாடலில் உங்களுக்குத் தேவையான வேறு வசதி இருந்து அதற்காக வாங்கினால் குறையொன்றுமில்லை. ஒரு லட்சத்தை இருக்கைக்காகக் கொடுக்காதீர்கள்.

பணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எட்டு வருடத்துக்கு. ஷோரூம் சொன்ன ஐந்து இருக்கை ரெக்சின் 9,000. ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும், ஆக 18,000. ஐந்தும் துணியாகவே விட்டு, வருடம் ஒருமுறை கடையில் 1,500 கொடுத்து ஆழமாகக் கழுவினால் 12,000. இந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும்போது ஒருமுறையாவது பின் இருக்கையைப் பிரிக்க வேண்டி வரும், சேர்த்தால் 14,500. நான் சொன்ன முறையில் பின் இருக்கைக்கு மட்டும் தரமான பி.வி.சி. 4,500, இரண்டு முறை என்றால் 9,000. முன் இருக்கைகளைக் கழுவ வருடம் 700 என்று 5,600. மொத்தம் 14,600. தோல் 65,000, அதோடு வருடம் ஆயிரம் ரூபாய்க்குக் கிளீனரும் கிரீமும், 73,000. தோலை விட்டால் மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே செலவுதான். ரெக்சின் போட்டால் கழுவும் செலவு மிச்சம் என்று ஷோரூமில் சொல்வது இந்தக் கணக்கில் நிற்கவில்லை. பணம் தீர்மானிக்காத இடத்தில் வியர்வையும் ஏர்பேக்கும் பாலும் தீர்மானிக்கட்டும்.

தைக்கக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ரெடிமேட் உறையை வாங்காமல் உங்கள் கார் மாடலுக்கு அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். தளர்ந்த உறையில் மடிப்பு விழும், மடிப்பில்தான் வெடிப்பு தொடங்கும். நிறம் வெளிர் சாம்பலோ பிஸ்கட் நிறமோ இருக்கட்டும். சந்தனம், வெள்ளை வேண்டாம். புது ஜீன்ஸின் நீலச் சாயம் ஏறினால் போகாது. தேர்ந்த ரெக்சினில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். பின்பக்கத் துணி இழுத்தால் கொஞ்சம் நீளும் பின்னல் துணியாக இருக்க வேண்டும். இருக்கையின் வளைவுக்கு அது படியும். மேல்பக்கம் வெளியே தெரியும்படி அந்தத் துண்டை மடித்து நகத்தால் அழுத்தி விரியுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு நின்றால் வேறு சுருள் காட்டச் சொல்லுங்கள். சுருளின் மேல் ஒட்டிய சீட்டில் பி.வி.சி. என்று இருக்கிறதா எனக் கண்ணால் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

பின் இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருக்கும். அந்த இடங்களையும் பெல்ட் கொக்கிகள் வரும் இடங்களையும் உறை மூடிவிடாமல் ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் கடையிலேயே குழந்தை இருக்கையைப் பொருத்தி, மூன்று பெல்ட்டையும் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். குழந்தை இருக்கைக்கு அடியில் ஒரு தடித்த பருத்தி விரிப்பைப் போடுங்கள். அதன் கனத்தில் ரெக்சினில் விழும் பள்ளம் பிறகு எழும்பாது.

முன் இருக்கைகளுக்கு வெளிர் நிறப் பருத்தித் துண்டை உட்காரும் பகுதியில் மட்டும் விரித்துக்கொள்ளலாம். முதுகின் கதவோரத்தை எதுவும் மறைக்க வேண்டாம். வங்கி வாசலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு வெள்ளி நிறத் தடுப்பு வைத்தால் இருக்கை, ஸ்டீயரிங், ரெக்சின் மூன்றுக்கும் நல்லது. 500 ரூபாய்க்குள் கிடைக்கும். ஷோரூமில் இந்த 9,000 ரூபாய் உறை சில நேரம் 'ஆக்சசரீஸ் பேக்கேஜ்' என்ற மொத்தத் தொகைக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். டெலிவரிக்கு முன்பே அந்தப் பட்டியலை வரி வரியாகக் கேட்டு வாங்கி, உறையை நீக்கிப் புதிய பில் போடச் சொல்லுங்கள். வண்டியில் மாட்டிய பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.